வர்த்தகக் கண்காட்சியில் பூத் போடுகிறீர்களா? பெயரட்டை ஆர்டராக மாறும் வரை செய்ய வேண்டியவை

கோலாலம்பூரில் மைடெக், கேஎல்சிசி மாநாட்டு மையம், பினாங்கில் பாயான் லெப்பாஸ் பக்கம் ஸ்பைஸ் என்று நம் ஊரில் வர்த்தகக் கண்காட்சிக்கு இடம் நிறைய இருக்கிறது. பூத் எடுப்பதும் கஷ்டமில்லை. பாரத்தை நிரப்பிப் பணம் கட்டினால் இடம் கிடைத்துவிடும். கஷ்டம் அதற்குப் பிறகுதான். மூன்று நாள் நின்று பேசி, கை நிறையப் பெயரட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பிய பலரிடம் இரண்டு மாதம் கழித்துக் கேட்டால், ஓர் ஆர்டர்கூட வந்திருக்காது. பெரும்பாலும் பொருளில் குறை இருப்பதில்லை. பேசியதை எழுதி வைக்காததும், சொன்னதைச் சொன்ன நாளில் அனுப்பாததும்தான் காரணமாக இருக்கும். அதனால் இந்தக் கட்டுரை பூத் அலங்காரத்தைவிட அந்த இரண்டையும் பற்றித்தான் அதிகம் பேசும்.

பேச்சு அந்தரத்தில் போகாமல் இருக்க ஒரு தொழிலை எடுத்துக்கொள்வோம். கிள்ளானில் மசாலைத் தூள் அரைத்து விற்கும் ஒரு குடும்பம். கணவன், மனைவி, கூட மாட உதவிக்கு அண்ணன் மகன். ஹலால் சான்றிதழ் இருக்கிறது. மளிகைக் கடைகளுக்குப் போட்டுக்கொண்டிருப்பவர்கள், இப்போது உணவகங்களுக்கு மொத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று மைடெக்கில் நடக்கும் ஓர் உணவுக் கண்காட்சியில் முதன்முதலாக பூத் எடுக்கிறார்கள். வியாழன், வெள்ளி, சனி என மூன்று நாள்.

முதலில் கிலோ கணக்கு

பாரத்தில் கையெழுத்துப் போடும் முன் ஒரு கணக்குப் போடுங்கள். இடத்துக்கு 9,000 ரிங்கிட், கூடுதல் மின்சாரம், பதாகை, மாதிரிப் பொட்டலங்கள், பார்க்கிங், சாப்பாடு என்று இன்னொரு 3,000 ரிங்கிட் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 12,000. ஒரு கிலோ தூளில் எல்லாச் செலவும் போகக் கையில் நிற்பது 4 ரிங்கிட் என்றால், பூத்துக்குப் போட்ட காசு திரும்ப வர 3,000 கிலோ விற்க வேண்டும்.

பூத்தில் பொட்டலம் பொட்டலமாக விற்று 3,000 கிலோ தேறாது. பல வர்த்தகக் கண்காட்சிகளில் அப்படிச் சில்லறையாக விற்கவே விட மாட்டார்கள். ஆனால் மாதம் 300 கிலோ வாங்கும் ஓர் உணவகக் குழுமம் கிடைத்தால் பத்து மாதத்தில் வந்துவிடும். அப்படி இரண்டு பேர் கிடைத்தால் ஐந்தே மாதம். ஆக, இந்தக் குடும்பத்துக்கு ஆயிரம் பேர் வந்து ருசி பார்ப்பது முக்கியமில்லை. மாதம் சில நூறு கிலோ வாங்கக்கூடிய இரண்டு மூன்று பேரைக் கண்டுபிடிப்பதுதான் மூன்று நாள் வேலை. பூத்தில் என்ன வைப்பது, யாரிடம் எவ்வளவு நேரம் பேசுவது எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. கண்காட்சியைத் தேர்ந்தெடுப்பதும் அப்படித்தான். ஏற்பாட்டாளரிடம் போன தடவை எத்தனை பேர் வந்தார்கள் என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள். அதில் உணவகம், கேட்டரிங், மொத்த வியாபாரிகள் எத்தனை பேர், எந்தெந்த நாள் வியாபாரிகளுக்கு மட்டும், எந்த நாள் பொதுமக்களுக்கும் திறப்பு என்று கேளுங்கள்.

மூன்றுக்கு மூன்று மீட்டர்

புதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது 3 மீட்டருக்கு 3 மீட்டர், அதாவது 9 சதுர மீட்டர் உள்ள தயார் பூத். மூன்று பக்கத் தடுப்புப் பலகை, முன்னால் மேலே நிறுவனப் பெயர் எழுதிய பட்டை, கார்ப்பெட், ஒரு கவுண்டர் மேசை, இரண்டு நாற்காலி, விளக்கு, 13 ஆம்பியர் பிளக் ஒன்று என்ற அளவில் இருக்கும். சரியாக என்னென்ன தருகிறார்கள் என்பது ஏற்பாட்டாளர் அனுப்பும் கையேட்டில் இருக்கும். அதை ஒரு தடவையாவது முழுசாகப் படியுங்கள். கூடுதல் பிளக், மேசை, தட்டு அடுக்கு எல்லாவற்றுக்கும் அதில் கடைசித் தேதி போட்டிருக்கும். அதற்குப் பிறகு கேட்டால் விலை ஏறும்.

மின்சாரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். தயார் பூத்தோடு வரும் பிளக் பெரும்பாலும் போன் சார்ஜர், சின்ன டிவி மாதிரிப் பொருள்களுக்குத்தான். அதில் மின் அடுப்பைச் சொருகினால் பிரேக்கர் விழும், பக்கத்து பூத்தும் சேர்ந்து இருட்டாகும். சூடாகக் கறி வைத்துக் காட்ட வேண்டுமானால் எத்தனை வாட் அடுப்பு என்று எழுதிக் கொடுத்துத் தனி இணைப்பு வாங்குங்கள். சமைக்க அனுமதி உண்டா என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள். குளிர்பெட்டி வைப்பவர்கள் 24 மணி நேர மின்சாரம் என்று தனியாகச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் இரவு மண்டபம் மூடியதும் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

மேசையைப் பூத்தின் வாசலுக்குக் குறுக்கே போடாதீர்கள். அப்படிப் போட்டால் வருபவர் நடைபாதையிலேயே நின்று, ருசி பார்த்துவிட்டு அப்படியே நகர்ந்துவிடுவார். ருசி பார்க்கும் தட்டை முன் மூலையில் ஒரு பக்கமாக வையுங்கள். மறுபக்கத்தைத் திறந்து விட்டு, உள்ளே ஒரு சின்ன மேசையும் நாற்காலியும் போடுங்கள். உண்மையாகவே வாங்க நினைப்பவரை உள்ளே உட்கார வைத்துப் பேசலாம்.

பதாகையில் மூன்று வரி போதும். என்ன பொருள், யாருக்கு, எந்த அளவில். ‘மீன் கறித் தூள், உணவகங்களுக்கு 5 கிலோ பை, ஹலால்’ என்று மலாயிலும் ஆங்கிலத்திலும் பெரிதாக இருந்தால், நடந்து போகிற கொள்முதல் அதிகாரி தானாகவே நிற்பார். நிறுவனம் தொடங்கிய கதை, தாத்தா படம் எல்லாம் நீங்கள் கொடுக்கும் துண்டுப் பிரசுரத்தில் போடலாம். இன்னொன்று, இடுப்புக்குக் கீழே எதையும் அச்சடிக்காதீர்கள். மேசையும் ஆட்களும் மறைத்துவிடுவார்கள். தடுப்புப் பலகையில் ஆணி அடிக்க விட மாட்டார்கள், அதனால் கொக்கியும் இரட்டைப் பக்க டேப்பும் கொண்டு போங்கள்.

பேச்சை எப்படித் தொடங்குவது

ருசித் தட்டைக் கண்டதும் கூட்டம் சேரும். மாணவர்கள், பக்கத்து பூத்துக்காரர்கள், வேடிக்கை பார்ப்பவர்கள் எல்லாரும் இருப்பார்கள். எல்லாரிடமும் மரியாதையாக இருங்கள், ஆனால் பத்து நிமிடம் யாருக்கு என்பதை முதல் அரை நிமிடத்தில் தெரிந்துகொள்ள வேண்டும். ‘என்ன வேணும்?’ என்று கேட்டால் ‘சும்மா பார்க்கிறேன்’ என்றுதான் பதில் வரும். அதைவிட, ‘வாங்கண்ணே, உங்களுக்குச் சாப்பாட்டுக் கடையா, இல்லை மளிகைக் கடையா?’ என்று கேளுங்கள். வீட்டுக்கு வாங்குகிறவர் ‘இல்லைம்மா, வீட்டுக்குத்தான்’ என்று சொல்லிவிடுவார். அவருக்கு ஒரு பொட்டலமும் எந்தக் கடையில் கிடைக்கும் என்ற விவரமும் கொடுத்து அனுப்பலாம். ‘ஆமா, ஜேபியில ஆறு கடை இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், அண்ணன் மகன் தட்டைப் பார்த்துக்கொள்ள, நீங்கள் அவரை உள்ளே அழைத்துப் போக வேண்டும்.

அதனால்தான் பூத்தில் ஒருவர் மட்டும் நிற்கக் கூடாது என்கிறேன். ஒருவர் முன்னால், ஒருவர் உள்ளே, மூன்றாமவர் மாற்று ஆள். ஒருவரால் ஒரு மணி நேரத்தில் மூன்று நான்கு பேரிடம்தான் உருப்படியாகப் பேசி எழுத முடியும். வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் மண்டபம் காற்று வாங்கும். சாப்பிடவும், காலையில் எழுதிய தாள்களைச் சரிபார்க்கவும் அதுதான் நல்ல நேரம். பூத்துக்குள் உட்கார்ந்து சாப்பிட வேண்டாம்.

எழுதும் தாள்

ஏற்பாட்டாளர்கள் பலர் வருகையாளரின் அடையாள அட்டையை ஸ்கேன் செய்யும் செயலி தருகிறார்கள். வாங்கிக்கொள்ளலாம், பெயரும் போன் எண்ணும் பிழையில்லாமல் வரும். ஆனால் அவர் என்ன கேட்டார், நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை அது தானாகப் பதிவு செய்யாது. ஆர்டர் வருவது அந்த இரண்டிலிருந்துதான். அதனால் ஏ5 அளவில் ஒரு தாள் அச்சடித்து அட்டைப் பலகையில் செருகி வையுங்கள். பெயரட்டையை அதிலேயே ஸ்டேப்பிள் செய்துவிடுங்கள். அவர் உட்கார்ந்திருக்கும்போதே பாதியை எழுதுங்கள், அவர் எழுந்து போன மறு நிமிடம் மீதியை முடியுங்கள். சாயங்காலம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால், ஆறு கடை வைத்திருந்தவர் யார், கேட்டரிங் செய்கிறவர் யார் என்று குழம்பிவிடும்.

ஜொகூர் பாருக்காரர் வந்து பேசிய பிறகு தாள் இப்படி இருக்க வேண்டும்:

யார்: உணவகக் குழுமம், ஜேபி, 6 கிளை. கொள்முதல் பார்ப்பவர்.
என்ன: மீன் கறித் தூள், 5 கிலோ பை.
எவ்வளவு: மாதம் 300 கிலோ.
இப்போது யாரிடம்: வேறொருவரிடம் வாங்குகிறார். ஒவ்வொரு தடவையும் காரம் மாறுகிறது என்று குறை.
எப்போது: இப்போதைய ஒப்பந்தம் 3 மாதத்தில் முடிகிறது.
யார் முடிவு: தலைமைச் சமையல்காரர் சமைத்துப் பார்ப்பார், முதலாளி கையெழுத்து.
நாம் சொன்னது: 1 கிலோ மாதிரி, ஜேபி வரை சேர்த்த விலை, ஹலால் சான்றிதழ் நகல். திங்கட்கிழமைக்குள்.
தரம்: ஏ.
எழுதியவர்: மனைவி.

இதில் நான்காவது வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இப்போது யாரிடம் வாங்குகிறார், அதில் என்ன குறை என்று தெரிந்தால்தான் பிறகு அனுப்பும் செய்தியில் என்ன எழுதுவது என்று தெரியும். இவருக்கு விலை குறைவு என்று சொல்லிப் பயனில்லை. காரம் மாறாது என்பதை நம்ப வைக்க வேண்டும். ‘எப்போது’ என்ற வரியும் அப்படித்தான். மூன்று மாதம் கழித்துத்தான் வாங்குவார் என்று தெரியாமல் வாரா வாரம் கூப்பிட்டால் அவருக்குச் சலித்துவிடும்.

தரம் போடுவதற்கு எளிய விதி வைத்துக்கொள்ளுங்கள். அளவும் காலமும் தெரிந்து, நாம் எதையாவது அனுப்புவதாகச் சொல்லியிருந்தால் ஏ. வாங்கக்கூடியவர், ஆனால் அளவோ காலமோ தெரியவில்லை என்றால் பி. மற்றவர்கள் சி. முகம் கொடுத்துச் சிரித்துப் பேசினார் என்பதற்காக ஏ போட வேண்டாம். அதே போல, சுருக்கமாகப் பேசி மாதம் எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டுப் போனவர் அநேகமாக ஏ தரம்தான்.

ஒவ்வொரு நாளும் மண்டபத்தை விட்டுக் கிளம்பும் முன் தாள்களை எல்லாம் போனில் படம் எடுத்து வையுங்கள். ஒரு பை தொலைந்தால் மூன்று நாள் உழைப்பும் போய்விடும்.

சட்டத்தையும் மறக்கக் கூடாது. மலேசியாவின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010ன்படி, விவரம் வாங்கும்போது எதற்காக வாங்குகிறோம் என்று தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தாளின் அடியில் அந்த வரிகளைப் போட்டு, ‘விளம்பரச் செய்திகள் அனுப்பலாம்’ என்பதற்கு டிக் போடத் தனிக் கட்டம் வையுங்கள். டிக் போடாதவர்களை வாட்ஸ்அப் விளம்பரப் பட்டியலில் சேர்க்காதீர்கள். பிறகு ஒருவர் நிறுத்தச் சொல்லி எழுதினால் உடனே நிறுத்திவிட வேண்டும்.

அன்றிரவும் அடுத்த ஒரு வாரமும்

கண்காட்சி முடிந்து களைப்பு தீர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் உங்களிடம் பேசியவர் அதே நாளில் இன்னும் இரண்டு மூன்று மசாலைக்காரர்களிடமும் பேசியிருப்பார். அதனால் ஏ தரத்துக்கு முதல் செய்தி அன்றிரவே போக வேண்டும். சின்னதாக இருந்தால் போதும்:

‘வணக்கம் அண்ணே. இன்னைக்கு மைடெக்ல மீன் கறித் தூள் பற்றிப் பேசினோம். இப்ப வர்ற தூள்ல காரம் மாறுதுன்னு சொன்னீங்க. ஒரே பேட்ச்ல இருந்து 1 கிலோ மாதிரி, ஜேபி வரைக்கும் விலை, ஹலால் சான்றிதழ் மூணும் திங்கட்கிழமை அனுப்புறேன். மாதிரியை எந்தக் கிளைக்கு அனுப்பணும், யார் பேருக்கு?’

இந்தச் செய்தியின் கடைசியில் அவர் எளிதாகப் பதில் சொல்லக்கூடிய ஒரு கேள்வி இருக்கிறது, கவனியுங்கள். முகவரி வந்தால் பேச்சு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். ‘உங்களைச் சந்தித்ததில் மகிழ்ச்சி’ என்று மட்டும் அனுப்பினால் ஒரு கட்டைவிரல் படம் வரும், அவ்வளவுதான். மலாய், சீன வாடிக்கையாளர்களுக்கு இதையே மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதிக்கொள்ளுங்கள். பெயரட்டைப் படத்தையோ பூத் முன்னால் எடுத்த படத்தையோ சேர்த்தால் யார் என்று அவருக்குச் சட்டென்று நினைவு வரும்.

மாதிரி அனுப்புவதில் ஒரு விஷயம் உண்டு. தனியாக, நல்லதாகப் பார்த்து அரைத்து அனுப்பாதீர்கள். ஆர்டர் வந்தால் எதைக் கொடுப்பீர்களோ அதையே, பேட்ச் எண் எழுதி அனுப்புங்கள். அதே பேட்சில் ஒரு கிலோவை உங்களிடமும் எடுத்து வையுங்கள். அவர் ‘காரம் கொஞ்சம் தூக்கல்’ என்று சொன்னால், நீங்களும் அதையே சமைத்துப் பார்த்துப் பேச முடியும். ஒரு கிலோ மீனுக்கு எத்தனை கிராம் போட வேண்டும் என்ற சின்னச் சீட்டையும் பொட்டலத்தில் வையுங்கள். சமையல்காரர் வழக்கமாகப் போடும் அளவில் உங்கள் தூளைப் போட்டால் ருசி வேறாகத்தான் வரும். அதற்குத் தூளைக் குறை சொல்லிவிடுவார்.

விலைப்பட்டியலில் ஆலை விலையும் ஜேபி வரை லாரிக் கூலியும் தனித்தனியாக இருக்கட்டும். எந்த அளவுக்கு மேல் விலை குறையும், விலை எத்தனை நாளுக்குச் செல்லும், பணம் எப்படித் தர வேண்டும் என்பதையும் எழுதுங்கள். மிளகாய், மல்லி விலை ஏறி இறங்கும் தொழிலில் 30 நாள் என்று ஒரு காலக்கெடு போடாமல் விலை கொடுக்கக் கூடாது.

மாதிரியை அனுப்பியதும் கூரியர் எண்ணைத் தெரிவியுங்கள், அது போய்ச் சேர்ந்து மூன்று நாள் கழித்துக் கூப்பிடுங்கள். ‘யோசிச்சீங்களா அண்ணே?’ என்று கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்பார். ‘சமையல்காரர் சமைச்சுப் பார்த்தாரா, என்ன சொன்னார்?’ என்று கேளுங்கள். சமைக்கவே இல்லை என்றால் எப்போது சமைப்பார் என்று நாள் வாங்குங்கள். குறை சொன்னால் நல்லது, திருத்தி இரண்டாவது மாதிரி அனுப்பலாம். நன்றாக இருக்கிறது என்றால், ஒரு கிளைக்கு மட்டும் ஒரு மாதத்துக்கு 50 கிலோ போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். ஒப்பந்தம் முடிய மூன்று மாதம் இருந்தாலும், ஒரு கிளையில் சோதித்துப் பார்க்க முதலாளிகள் பெரும்பாலும் தடை சொல்வதில்லை.

கூப்பிடும் நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும் வார விடுமுறை. சுங்கை பட்டாணிக்காரரை வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் தேடினால் கிடைக்க மாட்டார், ஞாயிற்றுக்கிழமை கிடைப்பார்.

பி தரத்தினருக்கு ஒரு வாரத்துக்குள், விட்டுப்போன அந்த ஒரு விவரத்தை மட்டும் கேட்டு எழுதுங்கள்: மாதம் எவ்வளவு, அல்லது எப்போது. பதிலைப் பார்த்து ஏ ஆக்குங்கள், இல்லையென்றால் விடுங்கள். சி தரத்தில் டிக் போட்டவர்களுக்குப் புதுப் பொருள் வரும்போது செய்தி அனுப்பினால் போதும்.

எத்தனை தடவை விடாமல் கேட்பது? ஏ தரத்தில் நான்கு தடவை பதிலே இல்லை என்றால், ‘இப்போதைக்கு வேண்டாம் என்றால் சொல்லுங்கள் அண்ணே, மூன்று மாதம் கழித்துக் கேட்கிறேன்’ என்று நேரடியாகவே எழுதிவிடுங்கள். நிறையப் பேர் இதற்குத்தான் பதில் போடுவார்கள். அந்தத் தேதியை நாட்காட்டியில் குறித்துவிட்டு வேறு ஆளைப் பாருங்கள். இதையெல்லாம் நினைவில் வைக்க முடியாது. பெயர், தரம், கடைசியாகப் பேசிய நாள், அடுத்து என்ன, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று ஆறு பத்தி உள்ள ஓர் எக்செல் தாள் போதும். அடுத்த தேதி என்ற பத்தி காலியாக இருக்கும் வரி ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆர்டர் வந்ததும்

முதல் ஆர்டரோடு சேர்ந்து வருவது பெரும்பாலும் கடன் கேட்பது. ‘30 நாள் கொடுங்கம்மா, எல்லாரும் கொடுக்கிறாங்க’ என்பார்கள். சந்தோஷத்தில் தலையாட்டிவிடாதீர்கள். எஸ்எஸ்எம் எனப்படும் நிறுவனங்கள் ஆணையத்தின் இணையத் தளத்தில் சிறு கட்டணம் கட்டினால் அந்த நிறுவனத்தின் விவரத் தாள் கிடைக்கும். சென்டிரியான் பெர்ஹாட் என்றால் இயக்குநர்கள் யார், செலுத்திய மூலதனம் எவ்வளவு, கடைசியாகக் கணக்குத் தாக்கல் செய்தது எந்த ஆண்டு, சொத்தின் மேல் அடமானம் உண்டா என்று பார்க்கலாம். பெயரட்டையில் இருக்கும் பெயரும் ஆர்டர் போட்ட நிறுவனத்தின் பெயரும் வேறாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஜேபிக்காரரின் முதல் 50 கிலோவுக்கு முன்பணம் வாங்குங்கள். இரண்டாவது, மூன்றாவது ஆர்டருக்குச் சரக்கு இறங்கியதும் பணம். அது ஒழுங்காக வந்தால், மாதம் 300 கிலோ ஆன பிறகு 30 நாள் கொடுக்கலாம், அதுவும் ஒரு மாதச் சரக்கின் விலைக்கு மேல் பாக்கி போகாமல். இதை விலைப்பட்டியலிலேயே எழுதி அனுப்பியிருந்தால், போனில் முகதாட்சண்யத்துக்கு ஆளாக வேண்டியிருக்காது.